தனிச்சாவி (கிரிப்டோ வாலட்)

கிரிப்டோ வாலட்டுக்குள் பணம் கிடையாது. பிட்காயினில் எந்த முகவரிக்கு எவ்வளவு என்ற கணக்கு, யாரும் பார்க்கக்கூடிய பிளாக்செயின் பேரேட்டில் இருக்கிறது. வாலட் காப்பது, குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்த 256 பிட் எண் ஒன்றை. அதுவே தனிச்சாவி.

இதன் கணிதம் பிட்காயினைவிட மூத்தது. டிஃபியும் ஹெல்மேனும் 1976இல் பொதுச்சாவி முறையை வெளியிட்டார்கள். 1985இல் கோப்ளிட்ஸும் மில்லரும் தனித்தனியே நீள்வட்ட வளைவரைகளை அதற்குள் கொண்டுவந்தார்கள்.

2009இல் தொடங்கிய பிட்காயின், secp256k1 என்ற வளைவரையை எடுத்துக்கொண்டது. அதில் G என்ற புள்ளி எல்லோருக்கும் பொது. தனிச்சாவி d-ஆல் அதைப் பெருக்கினால் பொதுச்சாவி வரும்; இது நொடிக்குள் முடிகிற வேலை. பொதுச்சாவியிலிருந்து d-ஐப் பிடிக்கவோ சுமார் 2^128 படிகள் வேண்டும். பணம் அனுப்பும்போது வாலட் பரிவர்த்தனையை ஹாஷ் செய்து z என்ற எண்ணாக்குகிறது. பிறகு k என்ற புதிய ரகசிய எண்ணை எடுத்து, k·G புள்ளியின் கிடை ஆயத்தொலைவிலிருந்து r-ஐப் பெறுகிறது. அடுத்தது இது; n என்பது அந்த வளைவரைக்குரிய மாறாத எண்:

```
s = k⁻¹ (z + r·d) mod n
```

r, s இரண்டும் சேர்ந்ததே கையொப்பம். வலையமைப்பில் உள்ளவர்கள் பொதுச்சாவியைக் கொண்டு அதைச் சரிபார்க்கிறார்கள். d வாலட்டை விட்டு வெளியே போவதில்லை. தொகையில் ஒரு சதோஷி மாறினாலும் z மாறிவிடும், கையொப்பம் செல்லாது.

சின்ன எழுத்தான k-க்குத்தான் ஆபத்து அதிகம். 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டின் எண் தேர்வில் இருந்த கோளாறால், சில வாலட்டுகள் ஒரே k-ஐ இரண்டு கையொப்பங்களுக்குப் பயன்படுத்தின. அப்போது r-உம் ஒன்றாகிவிடும். பேரேட்டைப் பார்ப்பவருக்கு அது பளிச்சென்று தெரியும். பிறகு இரண்டு சமன்பாடு, தெரியாதவை இரண்டு: பள்ளிக் கணக்குதான். d வெளிவந்தது, பணம் திருடு போனது. அதன் பின், சாவியிலிருந்தும் செய்தியிலிருந்துமே k-ஐக் கணக்கிடும் முறை பரவியது.

தொலைந்த சாவிக்கு அப்படியொரு குறுக்குவழி இல்லை. வங்கியில் கடவுச்சொல் மறந்தால் அடையாளம் காட்டி மாற்றிக்கொள்ளலாம். இங்கே நகலை வைத்திருக்கும் அலுவலகம் எதுவும் இல்லை. பேரேடு கேட்பது கையொப்பத்தை, ஆள் யார் என்பதை அல்ல. 2013 முதல் புழக்கத்துக்கு வந்த 12 சொல் காப்புப்பட்டியலில் ஒரு சொல் மட்டும் அழிந்து, அதன் இடம் தெரிந்திருந்தால் பிழைத்தோம்: 2048 சொற்களை முயன்றால் போதும், சரிபார்ப்பு பிட்டுகள் அவற்றில் சுமார் 128 தவிர மற்றவற்றைக் கழித்துவிடும். பன்னிரண்டும் போனால் மீண்டும் 2^128.

வேல்ஸின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹௌவெல்ஸ் என்பவரின் சாவி இருந்த ஹார்ட் டிஸ்க், 2013இல் குப்பைக் கிடங்குக்குப் போயிற்று. மேசை இழுப்பறையில் இருந்த இரண்டு டிஸ்க்குகளில், வெறும் டிஸ்க்குக்குப் பதிலாக இது போய்விட்டது. அதிலிருந்தது 7,500 பிட்காயின் என்று தொடக்கச் செய்திகளும், 8,000 என்று பிந்தையவையும் கூறுகின்றன. கிடங்கைத் தோண்ட நகராட்சி அனுமதிக்காததால் அவர் வழக்குத் தொடுத்தார். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

2021 நவம்பரில் டாப்ரூட் மேம்பாட்டுடன் ஷ்னோர் கையொப்பமும் பிட்காயினில் சேர்ந்தது. அதிலும் தனிச்சாவி பழைய 256 பிட் எண்தான்.