குழாயிலேயே குறையும் சர்க்கரை

ரத்தத்தை உடலிலிருந்து எடுத்துக் குழாயில் அடைத்த பிறகும் அதிலுள்ள செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது; அதற்கு குளுக்கோஸ்தான் எரிபொருள். உடலுக்குள் இருந்தால் குறைந்த சர்க்கரையைக் கல்லீரல் ஈடுகட்டும். குழாயில் அப்படி ஈடுகட்ட எதுவும் இல்லை. அதனால் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிச் செல்களைப் பிரிக்காமல் சாதாரண அறை வெப்பத்தில் வைத்த ரத்தத்தில், மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறைகிறது. வெயில் காலத்தில் இந்த இழப்பு இன்னும் வேகமாகும். லுகேமியா நோயாளிகளிடம் பெருகிக் கிடக்கும் வெள்ளையணுக்கள் இதைவிட அதிகமாகத் தின்றுவிடும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். கர்ப்பிணி ஒருவருக்குக் காலை 7 மணிக்கு, வெறும் வயிற்றில், முகாமில் ரத்தம் எடுக்கிறார்கள். உண்மையான அளவு டெசிலிட்டருக்கு 98 மி.கி. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 92-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை நோய். குழாய் 10 மணிக்குத்தான் ஆய்வகம் சேருகிறது. மணிக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கருவி காட்டுவது ஏறத்தாழ 81. கருவியில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் நோய் தப்பிவிட்டது. டப்ளினில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கண்முன் காட்டியது. ஒரே கர்ப்பிணிகளின் ரத்தத்தை வழக்கமான முறையில் கையாண்டபோது சுமார் 14 சதவீதத்தினருக்கே நோய் என்று வந்தது. உடனே பனிக்கட்டியில் வைத்துச் சீக்கிரம் பிரித்தபோது அது சுமார் 38 சதவீதமானது.

சாம்பல் மூடிக் குழாயில் எடுத்துவிட்டால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். அதிலுள்ள சோடியம் ஃபுளோரைடு தடுப்பது ஈனோலேஸ் என்ற நொதியை. அது குளுக்கோஸ் உடையும் பாதையின் கடைசிப் படிகளில் ஒன்றை நடத்துவது. முதல் படிகள் அதற்குப் பிறகும் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். முதல் ஓரிரு மணி நேர இழப்பை ஃபுளோரைடு தடுப்பதில்லை. அதன் பின்னர்தான் அளவு நிலைக்கிறது. சிட்ரேட்டும் கலந்த குழாய்கள் ரத்தத்தை அமிலத்தன்மைக்குக் கொண்டுபோய் முதல் படிகளையே நிறுத்துவதால் உடனே பலன் தருகின்றன. எந்தக் குழாயானாலும் எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இல்லையேல் மருந்து அடியிலேயே தங்கிவிடும்.

சிட்ரேட் குழாய் கிடைக்காத இடத்தில் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் குழாயை நிறுத்தி, அரை மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிப்பது நம்பகமான வழி. ஜெல் குழாயில் சீரம் எடுப்பவர்கள் உறைவதற்குச் சுமார் அரை மணி நேரம் தர வேண்டும். உறைந்ததும் தாமதிக்காமல் சுழற்ற வேண்டும். ஜெல் இருந்தும் சுழற்றாத குழாய் செல்களைத் தடுக்காது.

முடிவு வந்த பிறகும் சந்தேகிக்க வழி உண்டு. சர்க்கரை 45 என்று வருகிறது. நோயாளியோ வியர்வை, நடுக்கம், குழப்பம் எதுவுமின்றி உட்கார்ந்திருக்கிறார். அதே குழாயில் பொட்டாசியமும் காரணமின்றி உயர்ந்திருந்தால், குழாய் வெகுநேரம் பிரிக்கப்படாமல் இருந்திருக்கலாம். அப்போது ரத்தம் எடுத்த நேரத்தையும் சுழற்றிய நேரத்தையும் பதிவேட்டில் பார்க்க வேண்டும். ஆனால் தாழ்ந்த சர்க்கரை ஆபத்தானது என்பதால், குழாய் மேல் பழி போடுமுன் படுக்கையருகிலேயே விரல் நுனி ரத்தத்தை குளுக்கோமீட்டரில் பார்த்துவிட வேண்டும். பிறகு புதிதாக ரத்தம் எடுத்து, உடனே பிரித்து, மீண்டும் அளக்க வேண்டும்.