மேடையேறாத உரையில் இருக்கும் 'மட்டுமல்ல'

1936இல் லாகூரில் இயங்கிய ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சாதி இந்துச் சீர்திருத்த அமைப்பு, தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமையேற்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்தவர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அண்ணல் மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. அவர் தம் சொந்தச் செலவில் 1500 பிரதிகள் அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'.

எதிரே உட்கார வேண்டியவர்களின் வாதங்கள் அந்த உரைக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுள் ஒன்று இன்றும் நம் காதில் விழுவது: சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினை, அது இல்லாத சமூகம் எங்கே இருக்கிறது?

இதற்கு அண்ணல் 'இல்லை' என்று பதில் சொல்லவில்லை. நாகரிகச் சமூகம் எதற்கும் வேலைப் பிரிவினை தேவை என்று ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகுதான் 'மட்டுமல்ல' வருகிறது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்கிறார். ஆங்கிலத்தில் 'லேபர்' என்பது 'லேபரர்ஸ்' ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் அதுவரை பேச்சில் இல்லாத மனிதர் அந்தச் சிறு மாற்றத்தில் உள்ளே வந்துவிடுகிறார்.

அந்தச் சொல்லழகோடு அவர் நின்றுவிடவில்லை. பிரிக்கப்பட்டவர்கள் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்கிறார். வேலையைத் தீர்மானிப்பது ஒருவரின் திறமை அல்ல, பெற்றோரின் சமூக நிலை என்கிறார். தொழில்கள் மாறும்போது வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதால், சாதி வேலையின்மைக்கும் காரணமாகிறது என்கிறார். எதிராளி பொருளாதாரம் பேசினார். அண்ணல் அதே பொருளாதாரத்தில் அவரை மடக்கினார்.

இன்று நம் மேடைகளிலும் 'மட்டுமல்ல' நிறையக் கேட்கிறது. 'சாதி கொடுமை மட்டுமல்ல, அநீதியும்கூட' என்கிறோம். முதல் பாதியை எடுத்துவிட்டாலும் இதில் எதுவும் குறையாது. கொடுமை அல்ல என்று நம்மிடம் யார் வாதாடினார்கள்? அண்ணலின் வாக்கியத்தில் முதல் பாதியை எடுத்தால் எதிராளி தப்பித்துவிடுவார். அதுதான் வித்தியாசம்.

கேள்வியிலும் அவர் இப்படித்தான். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், சமூக ஜனநாயகம் என்றால் என்ன என்று கேட்டு, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் கொண்ட வாழ்க்கைமுறை என உடனே பதிலும் சொன்னார். ஆனால் இந்தியர்கள் தம் கொள்கைக்கு மேலாக நாட்டை வைப்பார்களா என்று கேட்டபோது, தமக்குத் தெரியாது என்றார். பதில் சொல்ல வேண்டியவர்கள் எதிரே இருந்தார்கள். அவர்கள் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிக் கொடுக்கவில்லை.