மையர்ஸ், மைக்கேல்

அமெரிக்க இயக்குநர் ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) படத்தில் அறிமுகமான முகமூடிக் கொலைகாரன். சுமார் 3 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட படம் என்பதால், கடையில் மலிவாகக் கிடைத்த ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க்கின் ரப்பர் முகமூடியை வாங்கி, கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளைச் சாயம் பூசினார்கள். உணர்ச்சியே இல்லாத அந்த முகம்தான் பாத்திரத்தின் மூலதனம். முகம் தெரியாததால் உள்ளே யார் நடித்தாலும் ரசிகர்களுக்கு ஒன்றுதான். நட்சத்திரச் சம்பளமும் இல்லை.

இரண்டாம் பாகத்தின் (1981) முடிவில் மையர்ஸ் தீயில் எரிகிறான். கதை முடிந்தது என்று நினைத்த கார்பென்டரும் தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லும், ஒவ்வொரு படத்திலும் வேறு கதை சொல்ல விரும்பினர். மையர்ஸ் இல்லாத மூன்றாம் பாகம் (1982) ரசிகர்களை ஏமாற்றியது. நான்காவது படம் (1988) ‘மைக்கேல் மையர்ஸின் திரும்புகை’ என்று தலைப்பிலேயே உறுதியளித்து வந்தது. வியாபாரம் தேடியது கதையை அல்ல, முகமூடியைத்தான்.

பிறகு சாவுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. 1998 படத்தில் அவன் தலை துண்டிக்கப்படுகிறது. 2002 படமோ, செத்தவன் முகமூடி மாட்டிவிடப்பட்ட ஆம்புலன்ஸ் ஊழியர் என்று சமாளித்தது. தொடரிலேயே மட்டமான சாக்கு இது. 2018 படம் விளக்கம் தேடிச் சிரமப்படவில்லை: முதல் படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நடக்காததாகக் கொண்டது.