ஆறோடு ஒன்று, ஏழோடு இரண்டு: புதுக்கோட்டைச் சிற்பங்களின் வழியே ஓர் எண்ணாய்வு

வல்லத்திராக்கோட்டை உள்ளிட்ட புதுக்கோட்டைச் சீமையில் கன்னிமார் வழிபாடு பழையது. கண்மாய்க்கரையிலோ மரத்தடியிலோ ஏழு கற்களை வரிசையாக நட்டு மஞ்சள் பூசிக் கும்பிடும் வழக்கம் தமிழகம் முழுவதும் உண்டு. அந்த ஏழு பேரின் பெயர்களைக் கேட்டால் ஊருக்கு ஊர் விடை மாறும். பல இடங்களில் தனிப் பெயரே இல்லை. எண்ணிக்கை மட்டும் எங்கும் மாறுவதில்லை.

தொன்மங்களில் மூன்றும் ஏழும் ஒன்பதும் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற கேள்விக்கு இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. பெயர்கள் மாறியும் எண் நிலைத்தால், எண்தான் முதலில் வந்தது. பெயர்கள் அதை நிரப்ப வந்தவை. பெயர்கள் உறுதியாக இருந்து எண் அவற்றைத் தொடர்ந்தால், அது வெறும் கணக்கு. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லா ஏழையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதே இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

கன்னிமாருக்கு நெருங்கிய உறவினர் சப்தமாதர். அவர்கள் தொடக்கத்தில் எழுவராக இல்லை. மகாபாரதத்தின் சல்லிய பருவம் முருகனைச் சூழ்ந்த தாய்மாரை நீண்ட பட்டியலாகச் சொல்கிறது. குஷாணர் காலத்து மதுராச் சிற்பங்களிலும் தாய்த்தெய்வங்களின் எண்ணிக்கை பலகைக்குப் பலகை வேறுபடுகிறது. குப்தர் காலத்தில்தான் ஏழு என்ற வரையறை இறுகியது. பாதாமிச் சாளுக்கியர், ஏழு தாயரால் வளர்க்கப்பட்ட குலம் என்று தம் சாசனங்களில் தம்மைச் சொல்லிக்கொண்டனர். எண் இறுகிய பிறகும் உள்ளே ஓரிடம் இளகியே இருந்தது. தேவி மாகாத்மியத்தின் வரிசையில் நாரசிம்மி இருக்கிறாள். கோயில் சிற்பங்களில் பெரும்பாலும் அவளுக்குப் பதிலாகச் சாமுண்டி அமர்ந்திருக்கிறாள். நேபாளத்தில் மகாலட்சுமியையும் சேர்த்து எட்டுத் தாயராக்கினார்கள்.

எண்ணும் ஆளும் தனித்தனியே நடந்துகொள்வதைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் நேரில் காணலாம். திருக்கோகர்ணத்திலும் மலையடிப்பட்டியிலும் எழுவர் பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். மலையடிப்பட்டியின் சிவன் குடைவரை, பல்லவன் தந்திவர்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் குவாவன் சாத்தன் என்ற முத்தரையர் தலைவன் குடைந்தது. பொதுவாகச் சப்தமாதர் வரிசையின் ஒரு முனையில் வீரபத்திரரும் மறுமுனையில் கணபதியும் இருப்பார்கள். விரல்விட்டு எண்ணுகிறவருக்கு ஒன்பது உருவம் கிடைக்கும். ஆனால் யாரும் அவர்களை ஒன்பதின்மர் என்று அழைத்ததில்லை. காவலர் வேறு, தாயர் வேறு என்பதால் அந்த இருவரும் கணக்கில் ஏறவில்லை. முற்காலச் சோழர் கோயில்களிலோ எழுவரும் சேர்ந்து ஒரே சன்னிதி. சுற்றிலும் உள்ள எட்டுப் பரிவாரத் தெய்வங்களில் ‘ஒன்றாக’ அவர்கள் இடம் பெற்றார்கள். நார்த்தாமலை விசயாலய சோழீச்சரத்தைச் சூழ்ந்த சிறு கோயில்கள் இந்த அமைப்பைச் சேர்ந்தவை. எண்ணப்படுவது எது என்பதைச் சடங்கு முடிவு செய்கிறது, கண் முடிவு செய்வதில்லை.

சரி, ஏன் ஏழு? மனித நினைவு ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு பொருள்களைத் தாங்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையைப் பலர் காரணமாகக் காட்டுகிறார்கள். அந்தக் கட்டுரையின் முடிவிலேயே மில்லர், உலகின் புகழ்பெற்ற ஏழுகளோடு இதை முடிச்சுப்போடத் தயங்கினார். அவர் தயங்கியது சரி. நினைவின் அளவு, பட்டியல் ஏன் சிறியது என்பதைச் சொல்லும். ஆறில் ஏன் நிற்கவில்லை என்பதைச் சொல்லாது.

அதற்குத் தமிழ்ச் சான்றுகள் வேறொரு வழி காட்டுகின்றன. சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் வாயிலோன், சினந்து நிற்கும் கண்ணகியைத் தெய்வங்களோடு ஒப்பிடும்போது எழுவரில் இளையவளையும் சொல்கிறான். அவன் ஏழு என்று சொல்லவில்லை. ஆறு பேரைச் சொல்லி, அவர்களுக்கு இளையவள் என்கிறான். எழுவரை ஆறும் ஒன்றுமாகப் பிரித்துப் பார்க்கும் பார்வை இது. பரிபாடலின் ஐந்தாம் பாடல் இதைத் திருப்பிப் போடுகிறது. அங்கே முனிவர் மனைவியர் ஏழு பேரில் அருந்ததி ஒதுங்க, மற்ற அறுவரும் முருகனைக் கருக்கொள்கிறார்கள். கார்த்திகை மீன்கூட்டத்தில் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரிபவை ஆறு. கிரேக்கர் அவற்றை ஏழு சகோதரியர் என்று சொல்லி, ஒருத்தி மறைந்ததற்குக் கதை கட்டினார்கள். தமிழர் ஆறு என்றே வைத்துக்கொண்டு, விலகிய ஏழாமவளைக் கற்பின் விண்மீனாக வேறிடத்தில் நிறுத்தினார்கள். இரண்டு மரபிலும் கதைக்கு உயிர் தருவது வரிசையிலிருந்து பிரிந்த அந்த ஒருத்திதான்.

வள்ளல்கள் விஷயத்திலும் இதே நடை. புறநானூற்று 158ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார், மறைந்த ஏழு வள்ளல்களை எண்ணிவிட்டுக் குமணனிடம் வருகிறார். சிறுபாணாற்றுப்படை அதே எழுவரைச் சொல்லி, அவர்கள் சுமந்ததைத் தனியாளாகச் சுமப்பவன் நல்லியக்கோடன் என்கிறது. முழுமையான ஒரு தொகுதியை முதலில் காட்டி, அதற்கு அப்பால் ஒருவனை நிறுத்துவதே இரு புலவரின் உத்தி. பின்வந்தவர்கள் உத்தியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். பாரி முதலானோர் கடையெழு வள்ளல்களாக, அவர்களுக்கு முன்னால் இடையெழுவரும் முதலெழுவரும் தோன்றினார்கள். அந்தப் பதினான்கு இடங்களையும் நிரப்பியவர்கள் கர்ணன், சிசுபாலன், நளன் போன்ற புராண மாந்தர்கள். காலியிடத்தை முதலில் உண்டாக்கி, பிறகு ஆளைத் தேடியிருக்கிறார்கள்.

டென்மார்க்கின் நாட்டார் வழக்காற்றறிஞர் ஆக்செல் ஓல்ரிக் 1909இல் வெளியிட்ட கதை விதிகளில் ஒன்று, வரிசையின் கடைசியில் வருபவர் மீதே கதையின் பரிவு விழும் என்பது. மூன்று பிள்ளைகளில் இளையவன் வெல்வது இதனால்தான். முதல் இருவர் ஒரு வழக்கத்தை நிறுவுகிறார்கள், மூன்றாமவன் அதை உடைக்கிறான். ஒரு வழக்கத்தை நிறுவி உடைக்கத் தேவையான மிகச் சிறிய எண் மூன்று. ஆறும் ஒன்றும் இதன் விரிந்த வடிவம் என்றே நான் கருதுகிறேன்.

ஒன்பது வேறு பாதையில் வந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரிந்து இடம்பெயரும் ஏழு ஒளிகள், ஏழு கிழமைகள். இந்தியச் சாசனங்களில் கிழமையோடு கூடிய மிகப் பழைய தேதிகளில் ஒன்று 484ஆம் ஆண்டைச் சேர்ந்த ஏரண் கல்வெட்டில் உள்ளது. இந்த ஏழோடு, கிரகணத்துக்குக் காரணமாக நினைக்கப்பட்ட இரண்டு பாம்புகள் சேர்ந்தன. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கோளறு பதிகம் கிழமை வரிசையிலேயே ஏழையும் அடுக்கி, பாம்பு இரண்டையும் கடைசியில் சேர்க்கிறது. சப்தமாதரின் காவலர் இருவர் கணக்குக்கு வெளியே நிற்க, பாம்புகள் மட்டும் உள்ளே வந்தது ஏன்? அவை மற்ற ஏழும் செய்யும் அதே வேலையைச் செய்கின்றன: மனிதரைப் பீடிக்கின்றன. ஆனால் பாட்டில் வந்த ஒன்பது கல்லில் வரக் காலமாயிற்று. முற்காலச் சோழப் பரிவாரத்தில் சூரியனும் சந்திரனும் மட்டுமே இருந்தார்கள். சூரியனார்கோயில் முதலாம் குலோத்துங்கன் காலத்தது. சூரியனை நடுவில் வைத்துச் சுற்றிலும் எண்மரை நிறுத்தும் மேடை, மூன்றுக்கு மூன்று என்ற சதுரத்தில் ஒன்பதைக் கச்சிதமாக அடைத்தது.

கொடும்பாளூரின் மூவர் கோயில் இந்தச் சோதனையில் எதிர்ப்பக்கம் விழுகிறது. மும்மூர்த்தி என்றும் மூவேந்தர் என்றும் விளக்கம் சொல்லத் தோன்றும் பெயர். கல்வெட்டு அதற்கு இடம் தரவில்லை. இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி தன் பெயரால் ஒன்று, கற்றளி, வரகுணை என்ற மனைவியர் இருவர் பெயரால் இரண்டு என்று விமானங்கள் எடுத்தான். அவனுக்கு இன்னொரு மனைவி இருந்து அவள் பெயராலும் கட்டியிருந்தால், நான்கு விமானங்கள் எழுந்திருக்கும்.