பகுத்தாய்வு முறையும் தொகுத்தாய்வு முறையும்

பகுத்தாய்வு முறை என்பது பொதுவான ஒரு விதியிலிருந்து தனிப்பட்ட முடிவுகளை வருவிக்கும் முறை ஆகும். தொகுத்தாய்வு முறை என்பது தனித்தனி அவதானிப்புகளிலிருந்து பொதுவான ஒரு விதியை உருவாக்கும் முறை ஆகும். ஓர் ஆய்வு எங்கே தொடங்குகின்றது என்பதே இவற்றுக்கிடையிலான முதன்மையான வேறுபாடு. கோள்களின் இயக்கம் பற்றிய ஆய்வுகளில் இவ்விரண்டையும் தெளிவாகக் காணலாம்.

தரவுகளிலிருந்து தொடங்குதல்

டைக்கோ பிராகி தொலைநோக்கி இல்லாமலேயே கோள்களின் நிலைகளைப் பல ஆண்டுகள் அளந்து பதிவு செய்தார். அவர் 1601 இல் இறந்தபின் ஜோகன்னஸ் கெப்ளர் அப்பதிவுகளைக் கொண்டு செவ்வாயின் பாதையை ஆராய்ந்தார். வட்டப் பாதையைக் கொண்டு கணித்தபோது, கணிப்புக்கும் அளவீட்டுக்கும் இடையே 8 நிமிடக் கோண வேறுபாடு இருந்தது (60 நிமிடங்கள் ஒரு பாகை). டைக்கோவின் அளவீடுகளில் இவ்வளவு பிழை இருக்க முடியாது என நம்பிய கெப்ளர் வட்டத்தைக் கைவிட்டார். பல வடிவங்களை முயன்றபின் நீள்வட்டமே பொருந்தக் கண்டு, 1609 இல் அதை வெளியிட்டார்.

இங்கு நீள்வட்டம் தொடக்கத்தில் இருக்கவில்லை, இறுதியிலேயே கிடைத்தது. எனினும் செவ்வாய்க்குப் பொருந்துவது எல்லாக் கோள்களுக்கும் பொருந்தும் என்பது தரவுகளைத் தாண்டிய ஒரு முடிவாகும். தொகுத்தாய்வின் முடிவுகள் எப்போதும் இவ்வாறே அமைகின்றன. அடுத்த அவதானிப்பு அவற்றைப் பொய்யாக்கக்கூடும்.

விதியிலிருந்து தொடங்குதல்

1781 இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ், கணித்த பாதையிலிருந்து சிறிது விலகிச் சென்றது. பிரான்சைச் சேர்ந்த லெ வெரியே, நியூட்டனின் ஈர்ப்பு விதி சரியானது என எடுத்துக்கொண்டார். அவ்வாறாயின் அறியப்படாத ஒரு கோள் யுரேனஸை ஈர்க்க வேண்டும். அக்கோள் இருக்கவேண்டிய இடத்தை அவர் கணித்தார். 1846 செப்டெம்பர் 23 அன்று பெர்லினில் யோகான் காலே, அவ்விடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில் நெப்டியூனைக் கண்டார். எங்கே பார்க்க வேண்டும் என்பதை இங்கு விதியே முடிவு செய்தது.

முறையின் எல்லை

புதனின் பாதையும் கணிப்பிலிருந்து சிறிது விலகியது. 1859 இல் லெ வெரியே அதே வழியைப் பின்பற்றி, சூரியனுக்கு அருகே அறியப்படாத பொருள் உள்ளது என்றார். வல்கன் எனப் பெயரிடப்பட்ட அக்கோளைப் பலர் தேடியும் அது கிடைக்கவில்லை. நூறாண்டுக்கு ஏறத்தாழ 43 விநாடிக் கோணம் அளவான இவ்விலகலை (60 விநாடிகள் ஒரு நிமிடம்) 1915 இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாடு விளக்கியது.

இரு முறையும் லெ வெரியே பின்பற்றிய வழி ஒன்றே. யுரேனஸில் எடுகோள் சரியாக அமைந்தது. புதனில் அதுவே குறையுடையதாக இருந்தது. எடுகோள்கள் உண்மையாக இருந்தால் மட்டுமே பகுத்தாய்வின் முடிவு உறுதியானது. எடுகோள் சரியா என்பதை அம்முறைக்குள் நின்று அறிய முடியாது. கணித்த இடத்தில் அவதானிப்பதே அதற்கான வழி ஆகும்.