லைவ் ஓடும்போதே ரெக்கார்டு செய்யலாமா, முடிந்த பிறகு டவுன்லோடு செய்யலாமா? எதில் எது கைவிட்டுப் போகும்?

கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என எல்லாமே இப்போது யூடியூப் லைவில் வருகிறது. வீடியோகிராபர் அனுப்பும் லிங்க்கைத் திறந்தால் போதும், வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களும் வீட்டில் இருந்தபடியே பார்த்துவிடலாம். ஆனா, இங்கே காலை 7.30 மணி முகூர்த்தம் என்றால் குளிர்காலத்தில் லண்டனில் அதிகாலை 2 மணி. "இப்போ தூங்கிட்டு, காலையில ரீப்ளே பார்த்துக்கலாம்" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். காலையில் பார்த்தால் அந்த லிங்க்கில் வீடியோவே இல்லை.

இது ஏன் நடக்கிறது? லைவ் ஓடும்போதே பதிவு செய்வது நல்லதா, ரீப்ளே வந்த பிறகு டவுன்லோடு செய்வது நல்லதா? பார்க்கலாம்.

வீடியோ எங்கெல்லாம் தொலையும்?

மண்டபத்தில் இருந்து உங்கள் போன் வரை வீடியோ வரும் வழியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டம், கேமராவில் இருந்து யூடியூப் வரை. இரண்டாவது, யூடியூப்பில் இருந்து உங்கள் போன் வரை. மூன்றாவது, லைவ் முடிந்த பிறகு அந்த வீடியோ யூடியூப்பில் இருக்கும் காலம்.

இரண்டாவது கட்டத்தில் சிக்கல் வந்தால் உங்கள் ரெக்கார்டிங்தான் கெடும், ரீப்ளேவுக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாவது கட்டத்தில் சிக்கல் என்றால் ரீப்ளே போகும், ரெக்கார்டு செய்தவர் தப்பித்துவிடுவார். முதல் கட்டத்திலேயே அறுந்துவிட்டால் இரண்டு பேருக்குமே கிடைக்காது.

லைவை போனில் ரெக்கார்டு செய்தால்...

போனில் இருக்கும் ஸ்கிரீன் ரெக்கார்டரை ஆன் செய்வதுதான் பலரும் செய்யும் வழி. இதில் பெரிய லாபம், பின்னால் வீடியோவை யார் நீக்கினாலும் உங்களிடம் ஒரு காப்பி இருக்கும்.

ஆனா, திரையில் தெரிவது எல்லாமே பதிவாகும் என்பதை மறக்க வேண்டாம். நெட் சற்றுக் குறைந்தால் யூடியூப் தானாகவே படத்தின் தரத்தைக் குறைத்துவிடும். தாலி கட்டும் நேரத்தில் படம் மங்கினால், உங்கள் பதிவில் அது எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். தரத்தை 720p என நீங்களே தேர்வு செய்து வைத்தால் மங்காது. ஆனா நெட் போதாவிட்டால் நடுவில் சுற்றும் வட்டமும் சேர்ந்து பதிவாகும். வாட்ஸ்அப் மெசேஜும் மேலே வந்து நிற்கும். அதனால் ரெக்கார்டிங் தொடங்கும் முன் 'டூ நாட் டிஸ்டர்ப்' ஆன் செய்துவிடுங்கள்.

சத்தத்தையும் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ரெக்கார்டரில் மைக் மட்டும் தேர்வாகி இருந்தால், நாதஸ்வரத்தோடு உங்கள் வீட்டு மிக்சி சத்தமும் சேர்ந்து விழும். டிவைஸ் ஆடியோ என்பதைத் தேர்வு செய்து, ஒரு நிமிடம் சோதனைப் பதிவு எடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இடமும் தேவை. நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.8 ஜிபி. மூன்று மணி நேர முகூர்த்தத்துக்கு 5.4 ஜிபி. பழைய முறையில் ஃபார்மேட் செய்த (FAT32) பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரே ஃபைல் ஏறாது. எனவே ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மீண்டும் தொடங்குவது பாதுகாப்பு. நடுவில் சார்ஜ் தீர்ந்தாலும் ஒரு துண்டுதான் போகும்.

ரீப்ளேவை டவுன்லோடு செய்தால்...

இதில் உங்கள் நெட் வேகம் பிரச்சினையே இல்லை. டவுன்லோடு பாதியில் நின்றால் மறுபடி எடுக்கலாம். தூக்கத்தையும் கெடுக்க வேண்டாம். ரீப்ளே கிடைத்தால் இதுதான் சுத்தமான காப்பி.

கிடைத்தால் என்பதுதான் இங்கே விஷயம். யூடியூப் 12 மணி நேரத்துக்குக் குறைவான லைவைத்தான் தானாகச் சேமிக்கும். அதைத் தாண்டினால் ரீப்ளே வரும் என்று நம்ப முடியாது. ஃபேஸ்புக் லைவ் என்றால் கணக்கே வேறு. 2025 பிப்ரவரி 19 முதல் அங்கே லைவ் வீடியோக்கள் 30 நாட்கள்தான் இருக்கும், பிறகு நீக்கப்படும்.

அடுத்தது சினிமா பாட்டு. ரிசப்ஷனில் டிஜே போடும் பாட்டுக்குக் காப்புரிமை கோரிக்கை வந்தால், லைவ் முடிந்த பிறகு ரீப்ளேவில் அந்தப் பகுதி மியூட் ஆகலாம், சில நேரம் வீடியோவே முடக்கப்படலாம். லைவ் நடக்கும்போதே தடை வரவும் வாய்ப்பு உண்டு.

அவசரமும் வேண்டாம். லைவ் முடிந்த உடனே ரீப்ளே குறைந்த தரத்தில்தான் தெரியும். முழுத் தரம் வரச் சில மணி நேரம் ஆகலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ரிசப்ஷன், ஞாயிறு காலை 7.30 முதல் 9 மணி வரை முகூர்த்தம். வீடியோகிராபர் மாலையில் லைவைத் தொடங்கி, இரவு அப்படியே ஓடவிட்டு, காலை 9.30 மணிக்கு நிறுத்துகிறார். மொத்தம் 15.30 மணி நேரம். 12 மணி நேர வரம்பு தாண்டிவிட்டது. தூங்கி எழுந்து பார்க்கும் லண்டன் மாமாவுக்கு ரீப்ளே இல்லை.

இதையே இரண்டு லைவாகப் பிரித்தால்? மாலை 6 முதல் 10 வரை ஒன்று, காலை 6 முதல் 9.30 வரை இன்னொன்று. இரண்டுமே வரம்புக்குள் வந்துவிடும். டிஜே பாட்டால் ரிசப்ஷன் வீடியோ முடங்கினாலும், முகூர்த்த வீடியோ தனியாகத் தப்பிக்கும்.

இப்போ, தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்து நெட் பத்து நிமிடம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து நிமிடம் யூடியூப்புக்கு வந்து சேரவே இல்லை. லைவைப் பதிவு செய்தவரிடமும் இருக்காது, ரீப்ளேவிலும் இருக்காது.

இதற்கு ஒரே வழி, மண்டபத்திலேயே பதிவு செய்வது. OBS மென்பொருளில் லைவ் அனுப்பும் `Start Streaming` பட்டனுக்குப் பக்கத்திலேயே `Start Recording` இருக்கிறது. இரண்டையும் அழுத்தினால், நெட் போனாலும் லேப்டாப்பில் பதிவு தொடரும். ஃபைல் வகையாக MKV தேர்வு செய்யச் சொல்லுங்கள். சாதாரண MP4 என்றால், பாதியில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்தால் மொத்த ஃபைலுமே திறக்காமல் போகலாம். MKV-யில் அதுவரை பதிவானது மிஞ்சும்.

அப்போ எதைச் செய்வது?

வீடியோகிராபரிடம் முன்கூட்டியே மூன்று கேள்வி கேளுங்கள்: லைவை இரண்டாகப் பிரிப்பீங்களா? லேப்டாப்பிலும் பதிவாகுமா? ரீப்ளேவை எத்தனை நாள் வைத்திருப்பீங்க?

மூன்றுக்கும் சரியான பதில் வந்தால், நிம்மதியாக ரீப்ளேவுக்குக் காத்திருக்கலாம். சேனலை நடத்துபவரே யூடியூப் ஸ்டுடியோவில் `Download` கொடுத்து எடுத்துத் தரலாம். அங்கே அதிகபட்சம் 720p தரம்தான் கிடைக்கும் என்பதால், லேப்டாப் பதிவு இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். அடுத்தவர் வீடியோவை அனுமதி இல்லாமல் டவுன்லோடு செய்வது யூடியூப் விதிக்கு எதிரானது. எனவே உரியவரிடம் கேட்டு வாங்குவதே சரி.

பதில் மழுப்பலாக இருந்தால், அனுமதி கேட்டுவிட்டு லைவ் ஓடும்போதே முகூர்த்த நேரத்தை மட்டுமாவது பதிவு செய்துவிடுங்கள். தாமதமாகத் திறந்தாலும் கவலை இல்லை. சேனல் டிவிஆர் வசதியை ஆன் செய்திருந்தால், லைவ் ஓடும்போதே பின்னோக்கி இழுத்து முதலில் இருந்து பதிவு செய்யலாம்.

எந்தக் காப்பி கைக்கு வந்தாலும், தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடத்தில் ஓட்டிப் பாருங்கள். படமும் சத்தமும் சரியாக இருந்து, வீடியோவின் நீளமும் நிகழ்ச்சி நேரமும் ஒத்துப்போன பிறகே, "என்கிட்ட காப்பி இருக்கு, நீங்க நீக்கிக்கலாம்" என்று வீடியோகிராபரிடம் சொல்லுங்கள்.