ஊர் மாறினால் அனுமதிப்பத்திரம் மாறாது. பழக்கம் மாறியாக வேண்டும்

கண்டியிலிருந்து பேராதனையைக் கடந்து கம்பளை நோக்கிச் செல்லும் வீதியில் பத்துக் கிலோமீற்றரைச் சற்றே தாண்டியதும் கெலிஓயா நகரம் வந்துவிடுகிறது. வீதியின் இரு மருங்கிலும் கடைகள், அருகே புகையிரதப் பாதை, இருபுறமும் குன்றுகளில் ஏறும் ஒடுங்கிய கிளை வீதிகள் என்பதே அதன் அமைப்பு. கொழும்பிலிருந்தும் கிழக்கு மாகாணத்திலிருந்தும் திருமணத்தின் பேரிலும் தொழிலின் பேரிலும் இங்கு வந்து குடியேறுவோர் உளர். மத்திய கிழக்கு நாடுகளில் பல்லாண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்புவோரும் உளர். இவ்விரு சாராரிடமும் எழும் முதற் கேள்வி ஒன்றுதான்: சாரதி அனுமதிப்பத்திரத்தை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டுமா?

உள்நாட்டிலிருந்து வருபவருக்கான விடை எளிது. இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் ஓர் ஊருக்கோ மாகாணத்துக்கோ உரியதன்று. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் ஒரே அட்டை நாடு முழுவதற்கும் செல்லுபடியாகும். எனவே கொழும்பு மாநகரில் பெற்ற அனுமதிப்பத்திரத்துடன் கெலிஓயாவில் வாகனம் செலுத்தத் தடை எதுவுமில்லை. மாற வேண்டியது அட்டையிலுள்ள முகவரி மட்டுமே. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் புதிய வதிவிடத்தை கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தின் ஊடாகத் தேசிய அடையாள அட்டையில் முகவரியைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே அனுமதிப்பத்திரத்தில் திருத்தம் கோருவது நலம். இரண்டு ஆவணங்களில் இரண்டு முகவரிகள் இருப்பின் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் கூற வேண்டியேற்படும்.

வெளிநாட்டிலிருந்து திரும்புபவரின் நிலை வேறு. ஓர் உதாரணத்தின் மூலம் இதனை நோக்குவோம். கட்டாரில் பன்னிரண்டு ஆண்டுகள் வாகனம் செலுத்திய ஒருவர் நிரந்தரமாகக் கெலிஓயாவுக்குத் திரும்புகிறார். கையில் கட்டார் அனுமதிப்பத்திரம் இருக்கிறது. பெட்டியின் அடியில் என்றோ பெற்ற இலங்கை அனுமதிப்பத்திரமும் கிடக்கிறது. அதன் காலம் முடிந்துவிட்டது. கட்டார் அட்டையை மாத்திரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் இங்கு வீதியில் இறங்க முடியாது. வெளிநாட்டு அட்டை தன்னளவில் இலங்கையில் வாகனம் செலுத்தும் உரிமையைத் தருவதில்லை. பொலிஸார் விதிக்கும் தண்டத்தை விடவும் பாரதூரமான விடயம் ஒன்று இதில் அடங்கியுள்ளது. வாகனக் காப்புறுதிகள், செலுத்துபவரிடம் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடனேயே வழங்கப்படுகின்றன. அது இல்லாத நாளில் விபத்தொன்று நேர்ந்தால் இழப்பு முழுவதும் அவரது தலையிலேயே விழக்கூடும். பல்லாண்டு உழைப்பின் சேமிப்பு ஒரு மாலைப் பொழுதில் கரைந்துபோக அதுவொன்றே போதும்.

இவருக்கு இரண்டு வழிகள் உண்டு. கட்டார் அனுமதிப்பத்திரத்தை இலங்கை அனுமதிப்பத்திரமாக மாற்றக் கோருவது ஒன்று. பழைய இலங்கை அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பது மற்றையது. பலர் முதலாவதையே நினைத்து அலைகின்றனர். ஆனால் முன்னரே இலங்கையில் பரீட்சையில் தேறியவரது பதிவு திணைக்களத்தில் இருக்கும். ஆகவே பெட்டியின் அடியில் கிடக்கும் அந்த அட்டையைத் தேடி எடுப்பதே முதற் காரியம். இலங்கையில் ஒருபோதும் அனுமதிப்பத்திரம் பெறாதவரே வெளிநாட்டு அட்டையை மாற்றும் வழியை நாட வேண்டும். அவரது வெளிநாட்டு அட்டை காலாவதியாகாமல் இருப்பது அவசியம். ஆதலால் நாடு திரும்பும் முன்னரே அதன் திகதியைப் பார்த்து, தேவையெனில் அங்கேயே புதுப்பித்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனமாகும்.

எவ்வழியாயினும் மருத்துவச் சான்றிதழ் தேவை. இதனைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனம் வழங்குகிறது. அதன் கிளை கண்டியிலும் இருப்பதால் நுகேகொடைக்குச் செல்ல வேண்டியதில்லை. இச்சான்றிதழ் ஆறு மாதங்களுக்கே செல்லும் என்பதால், ஏனைய ஆவணங்கள் யாவும் கைக்கு வந்த பின்னர் அதனைப் பெறுவதே முறை. கண்ணாடி அணிபவர் அதனை மறவாது எடுத்துச் செல்ல வேண்டும். சாதாரண வாகனங்களுக்கான அட்டை எட்டு ஆண்டுகளுக்கும் கனரக வாகனங்களுக்கானது நான்கு ஆண்டுகளுக்கும் வழங்கப்படுகிறது. அட்டை கைக்கு வந்ததும் அதன் பின்புறத்தில் எந்தெந்த வாகன வகுப்புகள் குறிக்கப்பட்டுள்ளன என்று பார்க்க வேண்டும். அங்கே காரோட்டியவர், மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கரவண்டிக்கும் தமக்கு உரிமை உண்டென எண்ணிக்கொள்வது வழமையான தவறாகும்.

ஆவணங்கள் இத்துடன் முடிந்துவிடுகின்றன. ஆனால் உடலில் ஊறிய பழக்கத்தை மாற்ற எந்த அலுவலகத்திலும் விண்ணப்பப் படிவம் இல்லை.

கட்டாரில் வாகனங்கள் வீதியின் வலப்புறம் செல்கின்றன, இங்கு இடப்புறம். நெரிசலான வீதியில் இது தொல்லை தருவதில்லை, முன்னே செல்லும் வாகனமே வழிகாட்டிவிடுகிறது. ஆபத்து எழுவது வீதி வெறிச்சோடியிருக்கும் வேளையிலேயே. சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளிவந்து, ஒரு வாகனமும் இல்லாத வீதியில் திரும்பும்போது கை தன் பழைய பழக்கப்படி வலப்புறத்துக்கே கொண்டுசெல்லும். இதற்கு எளிய காப்பு ஒன்றுண்டு. சாரதியின் ஆசனம் எப்போதும் வீதியின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு திருப்பத்திலும் மனதுக்குள் சொல்லிக்கொள்வதே அது. சுற்றுவட்டத்திலும் அவ்வாறே. அங்கு இடப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட்டவர், இங்கு வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும்.

வேகத்தின் அளவுகோலும் மாற வேண்டும். அங்கு மணிக்கு 120 கிலோமீற்றர் வரை சென்றவருக்கு, குடியிருப்புப் பகுதியில் 50, ஏனைய சாதாரண வீதிகளில் 70 என்னும் இங்குள்ள எல்லை ஊர்வது போலத் தோன்றும். முச்சக்கரவண்டிக்கு அது 40 மட்டுமே. கெலிஓயா போன்ற நகரில் கடைவாசலே வீதியோரம் என்பதால் அந்த 50 கூடப் பல வேளைகளில் அதிகமானதே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையிலும் பாடசாலை விடும் நேரத்திலும் வீதியோரம் நிறுத்தப்பட்ட வாகனங்களின் இடைவெளியிலிருந்து சிறுவர்கள் வெளிப்படுவர் என்று எதிர்பார்த்தே செல்ல வேண்டும்.

இனி, எந்த நூலிலும் எழுதப்படாத சமிக்ஞைகள். எதிரே வரும் வாகனம் முன்விளக்கை மின்னச் செய்தால், சில நாடுகளில் அது "நீங்கள் செல்லுங்கள்" என்று பொருள்படும். இலங்கையிலோ பெரும்பாலும் "நான் வருகிறேன், நீங்கள் நில்லுங்கள்" என்பதே அதன் பொருள். இதனைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு பேருந்தின் முன்னே திரும்புபவரின் கதி சொல்லத் தேவையில்லை. முன்னே செல்லும் லொறி வலப்புறச் சமிக்ஞையை எரியவிட்டால், அது திரும்பப் போகிறது என்றும் கொள்ளலாம், "எதிரே வாகனம் வருகிறது, முந்த வேண்டாம்" என்றும் கொள்ளலாம். இரண்டிலும் பின்னால் வருபவர் செய்ய வேண்டியது ஒன்றே: முந்தாதிருத்தல். இடப்புறச் சமிக்ஞை "முந்திச் செல்லலாம்" என்று அழைப்பதாக இருக்கலாம். வெறுமனே ஓரத்தில் நிறுத்துவதற்காகவும் இருக்கலாம். ஆகவே அந்த அழைப்பை நம்பித் தம் கண்ணைக் கைவிடலாகாது. முந்திய பின் நேரும் விபத்துக்கு லொறிச் சாரதி பொறுப்பேற்கப் போவதில்லை.

வளைவுக்கு முன் ஒலிக்கும் சிறு ஹோர்ன் ஒலி கோபத்தின் வெளிப்பாடன்று, வருகையின் அறிவிப்பு. வீதியின் நடுவே பச்சை மரக்கிளையொன்று கிடந்தால், காற்றில் விழுந்ததென எண்ணி விலக்கிச் செல்லாது வேகத்தைக் குறைக்க வேண்டும். சற்று அப்பால் பழுதடைந்த வாகனமொன்று நிற்கிறது என்பதற்கான அடையாளம் அது.

மலைவீதிக்கே உரிய மரபுகளும் உள. ஒடுங்கிய ஏற்றத்தில் இரு வாகனங்கள் சந்தித்தால் இறங்குபவர் நின்று ஏறுபவருக்கு இடம் கொடுக்க வேண்டும். பாரத்துடன் ஏறும் வாகனம் நின்றுவிட்டால் மீண்டும் புறப்படுவது கடினம் என்பதே காரணம். அதேபோல ஏற்றத்தில் நெரிசல் ஏற்பட்டு நிற்கும்போது முன்னுள்ள வாகனத்தை ஒட்டி நிறுத்தலாகாது. புறப்படும்போது அது ஓரடி பின்னோக்கி உருளும் என்று கணக்கில் வைத்தே இடைவெளி விட வேண்டும்.

எல்லாவற்றிலும் உயிருடன் தொடர்புடையது இறக்கமாகும். கெலிஓயாவினூடாகச் செல்லும் அதே வீதிதான் கம்பளை, றம்பொடை வழியாக நுவரெலியாவை அடைகிறது. விடுமுறை நாளில் குடும்பத்துடன் அங்கு சென்று திரும்புபவர், கம்பளையை அடைவதற்குள் சுமார் 1,400 மீற்றர் உயரத்தை இறங்குகிறார். 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் இவ்வீதியில் கொத்மலை, கெரண்டிஎல்ல பகுதியில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தமை, இங்கு நேரும் ஒரு பிழைக்கு எவ்வளவு விலை என்பதைக் காட்டியது.

சமதரைப் பாலைவன வீதிகளில் பழகியவர் இறக்கம் முழுவதும் பிரேக்கின் மேலேயே காலை வைத்திருப்பார். தொடர்ந்து அழுத்தப்படும் பிரேக் சூடேறி, பின்னர் பிடிமானத்தை இழக்கிறது. வேகத்தைத் தடுக்கும் வேலையை இயந்திரத்திடம் விட வேண்டும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குவது பழைய மலைநாட்டுச் சாரதிகளின் கணக்கு. தானியங்கிக் கியர் வாகனங்களில் L அல்லது 2 என்ற நிலையும், பல ஹைபிரிட் கார்களில் B என்ற நிலையும் இதற்காகவே உள்ளன. எரிந்த வாடை வீசினாலோ, பிரேக் மிதி வழமையை விட ஆழமாக இறங்கினாலோ அது எச்சரிக்கையாகும். உடனே பாதுகாப்பான ஓரிடத்தில் நிறுத்தி, அது தானாகக் குளிரும் வரை அரை மணி நேரமேனும் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் தண்ணீர் ஊற்றுவது சூடேறிய உலோகத்தை வெடிக்கச் செய்யலாம்.

ஆகவே புதிதாக வந்தவர் முதல் சில வாரங்களைப் பயிற்சிக் காலமாகவே கொள்வது நன்று. உள்ளூர்ச் சாரதி ஒருவரை அருகில் அமர்த்தி, முதலில் பகல் வேளையில் கெலிஓயாவிலிருந்து பேராதனை வரையும், பின்னர் ஒருவழிப் பாதைகள் நிறைந்த கண்டி நகருக்குள்ளும், இறுதியாக மலைவீதிக்கும் செல்லலாம். எசல பெரஹெரா நடைபெறும் ஜூலை, ஆகஸ்ட் மாத மாலைகளில் கண்டி நகர வீதிகள் மூடப்படுவதால் அந்நாட்களைப் பயிற்சிக்குத் தெரிவு செய்யாதிருப்பது நல்லது. முந்துவதா, பொறுப்பதா என்ற ஐயம் எழும் ஒவ்வொரு வேளையிலும் பொறுத்தலையே தெரிவு செய்பவருக்கு, இவ்வீதியின் எழுதாத விதிகள் நாளடைவில் தாமாகவே வசப்பட்டுவிடும்.